ஓடிபி கேட்காத பணம்

செவ்வாய்க்கிழமை காலை நான் கடையைக் கூட்டி முடிப்பதற்குள் நஃபீசா அக்கா வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அவர் கணவரின் அண்ணன் உபைதுல்லா நின்றார். கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அந்த நேரத்தில் கடையை விட்டு வெளியே வருகிறவர் இல்லை.

"மதி, பணம் போயிடுச்சு" என்றார் அக்கா.

செல்பேசியை என்னிடம் நீட்டினார். இரண்டு குறுஞ்செய்திகள். திங்கட்கிழமை மதியம் மூன்று பத்துக்கு இருபத்துமூவாயிரத்து அறுநூற்று நாற்பது. மூன்று பன்னிரண்டுக்குப் பதினெட்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. எந்தக் கடை என்ற இடத்தில் உச்சரிக்க வராத ஒரு பெயர்.

நான் வேலை பார்ப்பது கூத்தாநல்லூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில். இயற்பியல் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்தேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது. பட்டா, சாதிச் சான்று, பாஸ்போர்ட், ரயில் டிக்கெட், வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பங்கள் எல்லாம் நான்தான் போடுவேன். ஆன்லைனில் பணம் கட்ட வேண்டுமானால் வருகிறவர்கள் கார்டை என் மேசையில் வைத்துவிட்டு வெளியே டீ குடிக்கப் போவார்கள். ஓடிபி வந்ததும் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றே சத்தம் போட்டு எண்ணைச் சொல்வார்கள். மேசைக்கு மேலே நான் ஒட்டிய தாளில் 'ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எழுதியிருக்கும்.

"நேத்து போன் சார்ஜ்ல கெடந்துச்சு. மஹ்ரிப் தொழுகைக்கு அப்புறம்தான் பாத்தேன்" என்றார் அக்கா.

"ஓடிபி வந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். ஆனால் உபைதுல்லா என்னை நன்றி சொல்வதுபோலப் பார்த்தார்.

"அதைத்தான் நானும் நேத்திலேருந்து கேக்குறேன். வரலைங்குது."

"வரலை மச்சான். வந்திருந்தா இதுல இருக்கும்ல?"

"அழிச்சிருந்தா?"

அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

நெல் கொள்முதல் நிலையத்தில் பெயர் பதிய வந்திருந்த வீரையன் பெஞ்சில் சிட்டாவைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாய், எனக்கும் போனதுங்க. கிரிக்கெட் பாக்கறதுக்குன்னு எம்மவன் ஒருதரம் போட்டான். மாசாமாசம் நூத்து நாப்பத்தொம்போது தானா போகுது. ஓடிபியுமில்ல, ஒண்ணுமில்ல. மாடு தானா கொல்லைக்கிப் போற மாதிரி."

அந்நேரம் உள்ளே வந்த கடை முதலாளி சைபுல்லா பாய் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டோ பேயா இருக்கும். பாரு மதி."

பார்க்கத் தேவையில்லை. மாதச் சந்தாவுக்கு முதல் தடவை ஓடிபி போட்டு ஒப்புதல் கொடுத்தால் அடுத்தடுத்த மாதங்களில் கேட்காது. ஆனால் அது பதினைந்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும். காப்பீடு போன்ற சிலவற்றுக்கு மட்டும் வரம்பு கூடுதல். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் செய்தியும் வரும். வீரையனுக்கும் ஒவ்வொரு மாதமும் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் படிக்கவில்லை. அக்காவுக்குப் போன இரண்டு தொகையும் பதினைந்தாயிரத்தைத் தாண்டியவை. முன்கூட்டிச் செய்தியும் இல்லை.

"இது அது இல்லை பாய்" என்றேன்.

"அப்ப சொல்லாம எப்படிப் போகும்? யாராவது பேங்க்லேருந்து பேசறேன்னு பேசுனானாம்மா?" பாய் அக்காவைக் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

"யாரும் பேசலைங்க."

"முதல்ல கார்டை நிறுத்து மதி" என்றார் பாய்.

அக்காவின் செல்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்தேன். அக்கா நான்கு இலக்கத்தைத் தொட்டுக் கொடுத்தார். கார்டு அமைப்புகளுக்குள் போனேன். ஏ.டி.எம்., கடை இயந்திரம், ஆன்லைன் என்று வரிசையாகப் பொத்தான்கள். அதற்குக் கீழே 'வெளிநாட்டுப் பயன்பாடு'. அதில் ஆன்லைன் என்பதற்கு நேரே பொத்தான் பச்சையாக இருந்தது. பக்கத்தில் வரம்பு ஐம்பதாயிரம்.

திரையை என் பக்கமாகச் சாய்த்துக்கொண்டேன்.

எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். அதையும் அணைத்தேன். சாம்பல் நிறமானது. மற்றவற்றிலிருந்து அதற்கு இப்போது ஒரு வித்தியாசமும் இல்லை.

"ஆச்சா?" என்றார் உபைதுல்லா.

"ஆச்சுங்க."

"பேங்க்ல எழுதிக் குடுக்கலாமா?" என்று அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உபைதுல்லா சொன்னார். "என்னான்னு எழுதுவ? நம்மளே நம்பரைச் சொல்லிட்டு பேங்கைக் குத்தம் சொன்னா சிரிப்பான். மூணு மாசம் முன்னாடி எங்க கடைக்கு எதுத்தாப்ல மளிகைக்கடைக்காரன் இப்படித்தான் சொல்லிட்டுப் போய் நின்னான். ஓடிபி குடுத்தியா, குடுத்தேன், போயிட்டு வான்னுட்டான். தம்பி ஃபாஜிலுகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் கெட்டவர் இல்லை. தம்பி வெளிநாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்த பணம் என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. அக்கா செல்பேசியை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் போனார்.

"வெவரமான பொண்ணுன்னு பாத்தா" என்றார் வீரையன். பிறகு என்னிடம், "பாப்பா, எனக்கு எத்தனை மூட்டைன்னு போட்ட?"

போன நவம்பர் பதினைந்து, சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். அன்று கடையிலிருந்து சாலைவரை கூட்டம். அடங்கலும் ஆதார் நகலுமாக ஆட்கள் மேசை மேல் சாய்ந்துகொண்டிருந்தார்கள். சர்வர் வந்து வந்து போனது. அந்தக் கூட்டத்தில்தான் நஃபீசா அக்காவும் அவர் கணவர் ஃபாஜிலும் வந்தார்கள். ஃபாஜிலுக்கு சவூதியில் புதிய விசா. மருத்துவப் பரிசோதனைக்கு அன்றே முன்பதிவு செய்ய வேண்டும். அதற்கான தளம் வெளிநாட்டுடையது. கட்டணம் பத்து டாலர். ஃபாஜிலின் கார்டு காலாவதியாகியிருந்ததால் அக்காவின் கார்டைக் கொடுத்தார்கள். அந்தக் கணக்குக்குத்தான் அவர் மாதச் சம்பளமும் வரும்.

நம் ஊர்க் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைத்திருக்கும். வேண்டுமென்றால் நாமே செயலியில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப் போட்டேன். வரம்பு ஐம்பதாயிரம் என்று வந்தது. குறைக்கலாம் என்று தெரியும். விட்டுவிட்டேன். கார்டைக் கையில் வைத்துப் பார்த்துத் தட்ட இடமில்லாததால் அக்கா அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்துக் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார். நான்தான் அனுப்பச் சொன்னேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன். எண்ணைத் தட்டினேன். பணம் உடனே போய்விட்டது.

"ஓடிபியே கேக்கலையே மதி?" என்று அக்கா அப்போதே கேட்டார்.

"வெளிநாட்டு சைட்டுக்கா. கேக்காது."

"அப்ப வேற யாராவது எடுத்தா?"

"நீங்க ஓடிபி சொல்லாத வரைக்கும் யாரும் எடுக்க முடியாதுக்கா."

ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னேன். முதல் வாக்கியம் இரண்டாவதைப் பொய்யாக்குகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. வழக்கமாக முன்பதிவு முடிந்ததும் பொத்தானை அணைத்துவிட்டுத்தான் செல்பேசியைத் திருப்பிக் கொடுப்பேன். அன்று சர்வர் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். செயலியை மூடி அக்காவிடம் கொடுத்துவிட்டு அடுத்த அடங்கலை வாங்கினேன்.

அதன்பிறகு அந்தப் பொத்தான் இரண்டு மாதத்துக்கு மேல் பச்சையாகவே இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவர்கள் போனபிறகு நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடை வாட்ஸ்அப்பைத் திறந்து நவம்பர் வரை மேலே மேலே தள்ளி அக்காவின் கார்டுப் படங்கள் இரண்டையும் அழித்தேன். அந்தப் படத்திலிருந்துதான் எண் வெளியே போனதா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அக்கா வேறு எங்காவது ஆன்லைனில் துணி வாங்கியிருக்கலாம், அங்கிருந்து போயிருக்கலாம். ஆனால் அழிக்கும்போது ஒரு கணம்கூட நான் தயங்கவில்லை. அதுதான் பிறகு உறுத்தியது.

அன்று மாலை நான் வீட்டுக்குப் போன பேருந்து நெடுங்கரை வளைவில் அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் ஊர்ந்தது. ஜன்னல் வழியே வைக்கோல் தூசி வந்து முகத்தில் ஒட்டியது. கார்டு விதிகளைச் செல்பேசியில் தேடிப் படித்தேன். நம் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் எடுத்த பணத்தை, செய்தி வந்த நாள் போக மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் முழுப் பொறுப்பும் நம்மிடமிருந்து போய்விடும். அதற்குமேல் தாமதித்தால் ஒரு பங்கு நம் தலையில். செய்தி வந்தது திங்கள். செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு, வியாழன் மூன்று.

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்தேன். அதில் ஒரு நிம்மதிகூட வந்தது.

புதன்கிழமை மதியம் உபைதுல்லா மட்டும் வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் வங்கிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்து வைத்தார்.

"இதை ஸ்கேன் பண்ணி என் வாட்ஸ்அப்புக்குப் போடும்மா. தம்பிக்கு அனுப்பணும்."

"எதுக்குங்க?"

கேட்டிருக்கக் கூடாது. வாடிக்கையாளரிடம் நான் எதுவும் கேட்பதில்லை.

"இந்த மாசத்துலேருந்து சம்பளம் என் அக்கவுண்டுக்கு வரும். நான் வீட்டுக்குக் குடுத்துக்குவேன். அது கையில இருந்தா இப்படித்தான் ஆகும். யாருக்குச் சொன்னோம்னு ஒத்துக்கிட்டாக்கூட பரவாயில்ல. ஒத்துக்கவும் மாட்டேங்குது. ஃபாஜில் நேத்து ராத்திரியெல்லாம் போன்ல கத்தியிருக்கான். பொம்பளப் பிள்ள அழுவுது, இவன் அங்க கத்துறான்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லும்? வரலை, வரலை, வரலை. ஒரே பாட்டு."

ஸ்கேனர் மூடியைத் திறந்து புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்ந்தது. பெயர், கணக்கு எண், கிளை எல்லாம் தெளிவாக விழுந்தன. அனுப்பினேன். அவர் பத்து ரூபாய் கொடுத்தார். வாங்கிப் பெட்டியில் போட்டேன்.

அக்காவுக்கு அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். திறக்க விண்ணப்பம் நிரப்பியது நான்தான். 'தொழில்' என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதியபோது, "எழுதாம விட்டா ஒத்துக்க மாட்டானா?" என்று சிரித்தார். மகளின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து, கேஸ் சிலிண்டர், எல்லாம் அவர் கையால்தான். ஒவ்வொரு மாதமும் என்னிடம் கணக்குத் தாள் எடுத்துக்கொண்டு போவார். யாரும் கேட்பதற்கு முன்னால் தானே காட்டிவிட வேண்டும் என்பார்.

கடை சாத்தும் நேரத்தில் பாயிடம் சொன்னேன். சொல்ல அரைமணி நேரம் ஆனது. மேசை துடைத்தேன், தாள் அடுக்கினேன், பிறகு சொன்னேன். பொத்தானை நான் அணைக்கவில்லை என்பதையும், படத்தை அழித்ததையும்.

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு மட்டும்தான் பாய்."

"வாயைத் தெறக்காத. நம்ம வாட்ஸ்அப்புல எண்ணூறு பேரு கார்டு இருக்கும். நாளைக்கு ஊர்ல அவனவன் காசு குறைஞ்சா இங்கதான் வருவான். பொத்தான் போட்டது தப்பா? அவங்க கேட்டுத்தான போட்ட."

"ஓடிபி சொல்லிட்டாங்கன்னு வீட்டுல அவங்களைப் பேசறாங்க பாய். ஓடிபியே வந்திருக்காது."

"அது குடும்ப விஷயம்."

"நான் கேட்டேன் பாய். அவங்க மச்சான் முன்னாடி, ஓடிபி வந்துச்சான்னு."

பாய் சாவிக்கொத்தை எடுத்தார். "எனக்கு மூணு பிள்ளைங்க மதி" என்றார். ஷட்டரை இழுத்தார்.

வியாழக்கிழமை காலை கடைக்குப் போகாமல் நேராகப் பெரியபள்ளித் தெருவில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அதே வீட்டில் இருக்கும் உபைதுல்லா. கைலியோடு இருந்தார்.

"என்னம்மா, ஸ்கேன் சரியா வரலையா?"

"அக்காவைப் பாக்கணுங்க. நீங்களும் இருங்க."

எனக்கு நான்கு பேர் முன்னால் பேச வராது. கல்லூரியில் செயல்முறைத் தேர்வில் விடை தெரிந்தும் வாய்மொழிக் கேள்விக்கு மதிப்பெண் இழந்தவள். கூடத்தில் நின்றுகொண்டே, வழியெல்லாம் மனத்தில் எழுதிவைத்திருந்த முதல் வாக்கியத்தைச் சொன்னேன்.

"அக்கா யாருக்கும் ஓடிபி சொல்லலை. அந்தப் பணத்துக்கு ஓடிபியே கிடையாது."

அக்கா அடுப்படி நிலையில் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது.

"ஓடிபி இல்லாம எப்படிப் போகும்? ஊருக்கே நீங்கதான சொல்றீங்க" என்றார் உபைதுல்லா.

"நம்ம நாட்டுக் கடையில கார்டு நம்பர் போட்டா, கடைக்காரன் உடனே பணம் கேக்க முடியாதுங்க. முதல்ல நம்ம பேங்கோட பக்கம் ஒண்ணு தெறக்கும். அந்தப் பக்கம் பேங்க்கோடது, கடையோடது இல்ல. பேங்க் நம்ம போனுக்கு எண் அனுப்பும். நாம அதுல போடுவோம். சரியா இருந்தா, கார்டு வச்சிருக்கிறவங்கதான் இதுன்னு பேங்க் கடைக்கு ஒரு அத்தாட்சி அனுப்பும். அதைச் சேத்து வச்சுத்தான் கடை பணம் கேக்கணும். நம்ம நாட்டுல அது கட்டாயம்."

"சரி."

"வெளிநாட்டுக் கடைக்கு நம்ம சட்டம் இல்லைங்க. அவன் அந்தப் பக்கத்தைத் தெறக்காமலே கேக்கலாம். கார்டு நம்பர், முடியற மாசம், பின்னாடி இருக்கிற மூணு நம்பர் இருந்தா போதும். பேங்க் குடுத்துடும். கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு போட்டிருந்தா மட்டும்."

"எங்க கார்டுல யாரு போட்டது?"

அந்த இடம்வரை எப்படியோ வந்துவிட்டேன்.

"நான்தாங்க. உங்க தம்பியோட மெடிக்கலுக்கு. போட்டுட்டு அணைக்கலை."

உபைதுல்லா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை கார்டை நிறுத்தறப்ப பாத்தேன். அது எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சொல்லாம அணைச்சேன். அக்கா அனுப்புன கார்டு போட்டோவும் கடை போன்ல இருந்துச்சு. அதையும் அழிச்சுட்டேன்."

அடுப்படியில் ஏதோ பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் போய் அணைத்துவிட்டு மறுபடி வந்து நின்றார்.

"இன்னைக்குத்தான் மூணாவது நாளுக்கா. இன்னைக்கு எழுதிக் குடுத்தா பணம் வர வழி இருக்கு."

"புர்க்கா போட்டுட்டு வர்றேன்" என்றார் அக்கா.

வங்கிக் கிளை திருவாரூரில். உபைதுல்லா மோட்டார் சைக்கிளில் வந்தார். நாங்கள் இருவரும் பேருந்தில் போனோம். அக்கா முன் இருக்கையிலும் நான் பின் இருக்கையிலும்.

கிளையில் மேகலா என்ற உதவி மேலாளர் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அக்காவின் கணக்கைத் திரையில் பார்த்தார்.

"ரெண்டுமே வெளிநாட்டு ஆன்லைன். ரெண்டாவது சரிபார்ப்பு இல்லாம நடந்திருக்கு" என்றார்.

"அப்படின்னா?" என்றார் உபைதுல்லா.

"ஓடிபி கேக்கவே இல்லைங்க. எங்க பக்கத்திலேருந்து எதுவும் போகலை."

"போகலையா?"

"போகலை. போயிருந்தா நேரத்தோட இங்க காட்டும்."

உபைதுல்லா திரையை எட்டிப் பார்த்தார். அதில் அவருக்குப் புரியக்கூடியது எதுவும் இருந்திருக்காது. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார்.

"கேக்காம எடுத்தா கடைக்காரனுக்குத்தான் ஆபத்து" என்றார் மேகலா. "நாங்க கார்டு கம்பெனி வழியா அந்தக் கடையைக் கேப்போம். ஓடிபி மாதிரி அத்தாட்சி வாங்கியிருந்தா அவன் தப்பிச்சுக்குவான். வாங்கலைன்னா பெரும்பாலும் அவன்தான் திருப்பிக் குடுக்கணும். ஓடிபி சொல்லிட்டு வர்றவங்களுக்குத்தான் எங்களால ஒண்ணும் பண்ண முடியறதில்ல. நல்லவேளை இன்னைக்கு வந்தீங்க. பத்து வேலை நாளுக்குள்ள தொகையைக் கணக்குல வரவு வைப்போம். விசாரணை முடியறவரைக்கும் அது தற்காலிகம்தான்."

படிவத்தை நீட்டினார். நான் நிரப்பினேன். பழக்கத்தில் கை தானாக வாங்கிக்கொண்டது. பெயர், கணக்கு எண், தொகை, நேரம். ஆறாவது கேள்வியில் பேனா நின்றது. 'கார்டு விவரங்களை வேறு எவரிடமாவது பகிர்ந்தீர்களா?'

"இதுக்கு என்ன எழுதறது மேடம்?" என்றேன்.

"உண்மையை எழுதுங்க."

"எங்க கடைக்கு வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்பினாங்க. நான் கேட்டதால. அதை எழுதினா பணம் வராமப் போகுமா?"

மேகலா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "வாடிக்கையாளர் அஜாக்கிரதைன்னு மேலே சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். நான் முடிவு பண்றது இல்லம்மா. கடைக்கு அனுப்பினதும் திருடனுக்குச் சொன்னதும் ஒண்ணு இல்லைன்னு நான் குறிப்பு எழுதுவேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"இல்லைன்னு போட்டுடுங்க" என்றார் உபைதுல்லா, மெதுவாக. "யாரு பாத்தா? போட்டோவத்தான் அழிச்சாச்சே."

எனக்கும் அதே ஆசை வந்தது. 'இல்லை' என்று எழுதினால் அக்காவுக்குப் பணம் கிடைக்கும், கடை பெயரும் வராது. நான் அழித்தது அப்போது நல்ல காரியமாகக்கூட ஆகிவிடும். பேனாவைத் தாளில் வைத்தேன்.

"ஆமான்னு எழுது" என்றார் அக்கா.

"நஃபீசா, நாப்பத்தோராயிரத்துச் சொச்சம்."

"மூணு நாளா உண்மையத்தான் சொல்லிட்டிருக்கேன் மச்சான். இப்ப ஒரு பொய்யை எழுதிக் குடுத்தா, அதெல்லாமும் பொய்தான்னு ஆயிடும்." என்னிடம் திரும்பினார். "ஆமான்னு எழுதி, யாருக்கு, எதுக்குன்னும் எழுது. கடை பேரும் எழுது."

எழுதினேன். கடையின் பெயரை எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டார். மேகலா முத்திரை வைத்து நகலைக் கொடுத்தார்.

அங்கேயே, வங்கி வாசல் படியில் நின்று அக்கா ஃபாஜிலுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். அங்கே வேலை நேரம். மஞ்சள் தலைக்கவசத்தோடு அவர் முகம் வந்தது. அக்கா செல்பேசியை மச்சானிடம் கொடுத்தார்.

உபைதுல்லா அதைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். "தம்பி, பேங்க்லேருந்து பேசுறேன். ஓடிபியே வரலையாம்டா. வராமலே போயிருக்கு. அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு."

"அப்ப இவ யாருக்கும் சொல்லலையா?"

"இல்லங்கறேன்ல."

"நீங்கதானண்ணே சொன்னீங்க?"

"ஆமாடா. நான்தான் சொன்னேன்." குரல் தணிந்தது. "நேத்து ஒரு காப்பி அனுப்புனேன்ல, பாஸ்புக்கு. அதை அழிச்சுடு. சம்பளத்தை நஃபீசா அக்கவுண்டுக்கே போடு."

"நஃபீசாகிட்டக் குடுங்க" என்றார் ஃபாஜில்.

அக்கா வாங்கவில்லை. "வேலை நேரத்துல பேச வேணாம்னு சொல்லுங்க மச்சான். ராத்திரி கூப்புடச் சொல்லுங்க. ராத்திரி எவ்வளவு வேணாலும் கேக்கலாம், கத்தலாம்."

உபைதுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பேருந்து நிலையம்வரை நானும் அக்காவும் நடந்தோம். கமலாலயக் குளத்தின் கரையோரம் வெயில் ஏறியிருந்தது. நான் இரண்டடி பின்னால் நடந்தேன்.

"அக்கா, என்னை மன்னிச்சுடுங்க. அணைக்க மறந்துட்டேன்."

அவர் நின்றார்.

"மறந்தது பெரிசில்ல மதி. அன்னைக்குக் கூட்டத்தைத்தான் நானும் பாத்தேனே. நானே அடுப்பை எரியவிட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போனவதான்." முக்காட்டைச் சரிசெய்தார். "செவ்வாய்க்கிழமை ஓடிபி வந்துச்சான்னு என்னைக் கேட்டியே. கேக்கும்போதே உனக்குத் தெரியுமா?"

"இல்லக்கா. சத்தியமா. அப்புறம்தான் தெரிஞ்சுது."

"அப்புறம்னா?"

"ரெண்டு நிமிஷம் கழிச்சு."

"நான் எதிர்ல நின்னுக்கிட்டு இருந்தப்ப."

"ஆமாக்கா."

"மச்சான் என்னைப் பேசிக்கிட்டு இருந்தப்ப."

நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"ரெண்டு நாளு" என்றார் அக்கா. "ரெண்டு நாளு எம் பொண்ணு என்கிட்ட வந்து, உம்மா யாருகிட்டம்மா சொன்னீங்கன்னு கேட்டுச்சு. ஒன்பது வயசு. அதுக்கும் தெரிஞ்சுபோச்சு நான் சொல்லியிருப்பேன்னு."

அக்கா மறுபடி நடந்தார். நான் பின்னால் போனேன்.

கூத்தாநல்லூர் வழியாக மன்னார்குடி போகும் பேருந்து கிளம்பத் தயாராக நின்றது. அக்கா ஏறி இரண்டு பேர் இருக்கையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் அருகே நின்றேன். விளமல் தாண்டியதும் நடத்துநர், "உள்ள எடம் கெடக்குல்ல, போய் ஒக்காரும்மா, வழியில நிக்காத" என்று என்னை அதட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார்.

பிறகு பக்கத்து இடத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைக் கூப்பிடவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் போய் உட்கார்ந்தேன்.